900 பவுண்டு பாக்கி

பன்னிரண்டாம் வகுப்பு கணக்குப்பதிவியலில் முனைமம், அழைப்பு நிலுவை, ஒறுப்பிழப்பு என்று மூன்று சொற்களை மனப்பாடம் செய்திருப்பீங்க. இந்த மூன்றும் ஒன்றாகச் சிக்கிக்கொண்ட ஒரு கதை லண்டனில் நடந்தது.

1720 ஜூனில் சவுத் சீ கம்பெனி மூன்றாவது முறையாகப் பங்கு வெளியிட்டது. 100 பவுண்டு முகமதிப்புள்ள பங்கின் விலை 1000 பவுண்டு. அதாவது 900 பவுண்டு முனைமம். ஆனால் விண்ணப்பத்தோடு 100 பவுண்டு கட்டினால் போதும், மீதியைப் பல ஆண்டுத் தவணைகளில் கட்டலாம். ஜனங்கள் முண்டியடித்தார்கள். மொத்த விலை 5 கோடி பவுண்டு. கைக்கு வந்தது 50 லட்சம்தான்.

செப்டம்பர் கடைசியில் சந்தை விலை 200-க்கு அருகே விழுந்துவிட்டது. இப்போ விண்ணப்பதாரர் இடத்தில் நின்று பாருங்க. 200 பெறுமான பொருளுக்கு இன்னும் 900 கட்டணும். கட்டாமல் விட்டால், ஒறுப்பிழப்பில் போவது ஏற்கெனவே கொடுத்த 100 மட்டும். யார் கட்டுவார்?

ஒறுப்பிழப்பு பயமுறுத்துவது, பங்கின் விலை பாக்கித் தொகையைவிட அதிகமாக இருக்கும்வரைதான் என்று நினைக்கிறேன். சொத்துள்ளவர் மீது பாக்கிக்கு வழக்குப் போடலாம். ஆனால் பறிமுதல் செய்த பங்கை அதே விலைக்கு வாங்க ஆள் கிடையாது.

கம்பெனி முதலில் விலையை 400-ஆகக் குறைத்துப் பார்த்தது. கடைசியில், 1721-ல் நாடாளுமன்றமே மீதித் தவணைகளைத் தள்ளுபடி செய்தது. வராத நாலரைக் கோடி, வராமலேயே போச்சு.