புள்ளி இடைவெளியிலிருந்து வெற்றி வாய்ப்பு வரை: அமெரிக்கக் கால்பந்தில் ஒரு கணக்கின் வரலாறு

அமெரிக்கக் கால்பந்துப் பந்தயங்களில் ‘யார் வெல்வார்?’ என்ற கேள்வியை விட ‘எத்தனை புள்ளி வித்தியாசத்தில்?’ என்ற கேள்விக்கே மதிப்பு அதிகம். பலமான அணிக்கு எதிராகப் பணம் கட்ட ஆள் கிடைக்காத சிக்கலுக்கு, 1940களில் சிகாகோவில் கணித ஆசிரியராக இருந்து பந்தயத் தரகரான சார்லஸ் மெக்நீல் வழி கண்டார் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. பலமான அணி 8 புள்ளிக்கு மேல் வென்றால்தான் அதன்மேல் கட்டியவருக்குப் பணம் என்று வைத்தால், இரு பக்கமும் ஆள் சேரும். இந்த 8தான் புள்ளி இடைவெளி. ஆனால் 8 புள்ளி இடைவெளி உள்ள அணி வெல்ல எவ்வளவு வாய்ப்பு என்பதை அந்த எண் நேரடியாகச் சொல்வதில்லை.

பழைய ஆட்டங்களை எண்ணிப் பார்ப்பதே முதலில் தோன்றும் வழி. அமெரிக்கத் தேசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் 1981, 1983, 1984 பருவங்களின் 672 ஆட்டங்களில் 8 புள்ளி இடைவெளி இருந்தவை 12 மட்டுமே. அவற்றில் பலமான அணி 8 முறை வென்றது, 4 முறை தோற்றது. அதாவது 67 விழுக்காடு. ஆனால் பன்னிரண்டு ஆட்டங்களில் ஒன்று மாறியிருந்தாலும் இந்த விடை 8 விழுக்காட்டுக்கு மேல் நகர்ந்திருக்கும். இடைவெளிக்கு இடைவெளி இப்படித் தனித்தனியாக எண்ணினால் ஒவ்வொரு கூட்டமும் சிறுத்து, விடைகள் ஏறுக்கு மாறாக நிற்கும். 9 புள்ளி அணியை விட 8.5 புள்ளி அணிக்கு வாய்ப்பு அதிகம் என்றுகூட வரலாம்.

புள்ளியியலாளர் ஹால் ஸ்டெர்ன் 1991இல் ‘தி அமெரிக்கன் ஸ்டாட்டிஸ்டீஷியன்’ இதழில் வெளியிட்ட கட்டுரை இந்தச் சிக்கலை வேறு பக்கமிருந்து பிடித்தது. இறுதி வித்தியாசத்திலிருந்து புள்ளி இடைவெளியைக் கழித்து, எஞ்சியதை மட்டும் அவர் பார்த்தார். 8 புள்ளி அணி 13 புள்ளியில் வென்றால் எச்சம் 5. 3 புள்ளியில் தோற்றால் எச்சம் மைனஸ் 11. 672 எச்சங்களின் சராசரி 0.07, ஏறத்தாழச் சுழி. எனவே சந்தை ஒரு பக்கமாகச் சாயவில்லை. திட்ட விலக்கம் 13.86. எச்சங்களின் வடிவம் இயல்நிலைப் பரவலின் மணி வடிவத்தோடு நன்றாகவே ஒத்துப்போனது. இடைவெளி சிறிதோ பெரிதோ, சிதறலின் அளவு பெரிதாக மாறவும் இல்லை. என் பார்வையில் முழுக் கணக்கும் தாங்கி நிற்பது இந்தக் கடைசிக் கண்டுபிடிப்பின் மேல்தான். அது உண்மையாக இருப்பதால்தான், 8 புள்ளி ஆட்டத்துக்கு விடை சொல்ல 12 ஆட்டங்களோடு நிற்காமல் 672 ஆட்டங்களையும் துணைக்கு அழைக்க முடிகிறது.

அதன்பின் சூத்திரம் தானாக வந்துவிடுகிறது:

```
P = Φ(p / 13.86)
```

இங்கே p புள்ளி இடைவெளி. Φ என்பது இயல்நிலைப் பரவலின் குவிவுச் சார்பு. 8ஐ 13.86ஆல் வகுத்தால் 0.577. அட்டவணையில் அதற்குரிய விடை 72 விழுக்காடு. 3.5 புள்ளிக்கு 60, 9 புள்ளிக்கு 74. ஏணி இப்போது ஒழுங்காக ஏறுகிறது.

1969 ஜனவரியில் நடந்த மூன்றாவது சூப்பர் பௌலை இந்த அளவுகோலால் பார்க்கலாம். பால்டிமோர் கோல்ட்ஸ் 18 புள்ளி இடைவெளி கொண்ட பலமான அணியாகக் கருதப்பட்டது. நியூயார்க் ஜெட்ஸ் 16-7 என்று வென்றது. 1980களின் திட்ட விலக்கம் அன்றைக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொண்டால், கோல்ட்ஸின் வெற்றி வாய்ப்பு 90 விழுக்காடு. ஜெட்ஸ் வெல்வது பத்தில் ஒன்று. ஆனால் 9 புள்ளி வித்தியாசத்திலோ அதற்கு மேலோ வெல்வது ஏறத்தாழ நாற்பதில் ஒன்று. வியப்பு வெற்றியில் இருந்ததை விட வித்தியாசத்தில்தான் அதிகம் இருந்தது.

ஸ்டெர்ன் 1994இல் இதே எண்ணத்தை ஆட்டத்தின் நடுவுக்குக் கொண்டுபோனார். கூடைப்பந்துப் புள்ளிகளின் நகர்வை பிரௌனிய இயக்கமாகக் கொண்டால், மீதமுள்ள நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பச் சிதறல் சுருங்கும். அதே முறையைக் கால்பந்துக்குப் பொருத்தினால், பாதி ஆட்டம் மீதமிருக்கையில் 13.86 என்பது 9.8 ஆகும். 4 புள்ளி முன்னிலை கணிக்கப்பட்ட அணி இடைவேளையில் சமநிலையில் இருந்தால், மீதிக்கு எதிர்பார்ப்பது 2 புள்ளி. வாய்ப்பு 61இலிருந்து 58 விழுக்காடாகக் குறைகிறது.

சூத்திரம் தடுமாறும் இடமும் உண்டு. கால்பந்தில் களக் கோலுக்கு 3 புள்ளி. டச்டவுனோடு கூடுதல் புள்ளியும் சேர்ந்தால் 7. அதனால் ஆட்டங்கள் 3, 7 என்ற வித்தியாசங்களில் குவிகின்றன. ஏறத்தாழ ஏழில் ஒரு ஆட்டம் சரியாக 3 புள்ளியில் முடிகிறது. மணி வடிவமோ அதற்குப் பதினெட்டில் ஒன்றுக்கு மேல் இடம் கொடுப்பதில்லை. வெற்றி வாய்ப்பைக் கணக்கிடும்போது இது பெரிதாக உறுத்தாது. சுழிக்கு மேலுள்ள எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டுவதால் 3இன் மேடும் 2இன் பள்ளமும் ஒரே பக்கத்தில் கரைந்துவிடும். ஆனால் அதே வளைகோட்டை வைத்து ‘இந்த அணி 2.5ஐத் தாண்டுமா, 3.5ஐத் தாண்டுமா?’ என்று கேட்டால், எல்லைக்கோடு நேராக அந்த மேட்டின் இரு பக்கமும் விழுகிறது. இரண்டுக்கும் இடையே 3 விழுக்காடு அளவே வேறுபாடு என்று சூத்திரம் சொல்லும்; உண்மையான வேறுபாடு அதைப்போல இரண்டு மூன்று மடங்கு.