நிலக்காட்சிப் படத்தில் தாவரங்கள் காட்டும் தட்பவெப்பம்: சங்கரன்கோவில் வட்டாரம்

தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவில், மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே மழைமறைவுப் பகுதியில் உள்ளது. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதி மலையின் கேரளப் பக்கமே கொட்டிவிடுகிறது. வெப்பமண்டலமும் வறட்சியும் ஒரே நிலத்தில் கூடியிருப்பதால், படத்தைப் பார்த்து நிலம் அறிய இது நல்ல பயிற்சிக்களம்.

ஊருக்கு மேற்கே எடுத்த படத்தில் பனை, தென்னந்தோப்பு, பருத்திக் காடு, முள்மரங்கள், தொலைவில் மலை என எல்லாமே இருக்கலாம். தென்னையைக் கண்டதும் மழை மிகுந்த நாடு என்று முடிவு கட்டுவதுதான் வழக்கமான பிழை. இங்குள்ள தோப்பு சீரான வரிசையில் நிற்கும்; அருகில் கிணறோ மோட்டார் அறையோ தென்படும். அது பாசனத்தின் அடையாளம். தென்னை உறைபனி தாங்காது என்பதால் குளிர்நாடு அல்ல என்று மட்டும் அதை வைத்துச் சொல்லலாம். மழையளவை அறிய, யாரும் நீர் ஊற்றாதவற்றைப் பார்க்க வேண்டும். வரப்பில் வரிசையின்றி நிற்கும் விசிறி ஓலைப் பனை, குடை விரித்தாற்போல் தட்டையான தலையுடைய உடைமரம், தரிசை மூடிய சீமைக்கருவேலம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் வறண்ட வெப்பமண்டலம் என்பது ஏறத்தாழ உறுதி. கருமண்ணில் மானாவாரிப் பருத்தியோ கம்போ தெரிந்தால் ஐயம் இன்னும் குறையும்.

உடைமரத்தைப் பார்த்து ஆப்பிரிக்கப் புல்வெளி என மயங்குவதும் உண்டு. அங்கும் குடைவடிவ முள்மரங்கள் உள்ளன, பனையின் உறவினமும் உள்ளது. ஆனால் முதிர்ந்த ஆப்பிரிக்கப் பனையின் தண்டு நடுவுக்கு மேல் புடைத்திருக்கும். நம் பனைக்கு அந்தப் புடைப்பு இல்லை.

பருவமும் ஏமாற்றும். வடகிழக்குப் பருவமழை முடிந்த மார்கழியில் இந்நிலம் சில வாரங்கள் பசேலென்றிருக்கும். அப்போது புல்லை நம்பாமல் முள்மரங்களையே நம்ப வேண்டும். கோடையில் இலை உதிர்த்த மரங்களைக் கண்டு மிதவெப்ப நாட்டின் குளிர்காலம் என்றும் கருதக்கூடாது. அதே படத்தில் பசுமையாய் நிற்கும் வேம்பும் பனையும் அந்த எண்ணத்தை மறுத்துவிடும். அதற்காகப் பனைக்குடும்பம் முழுவதையும் வெப்பத்தின் சான்றாகக் கொள்வதும் தவறு. சீனாவிலிருந்து வந்த விசிறிப்பனை ஒன்று இங்கிலாந்தின் தென்பகுதித் தோட்டங்களிலும் வளர்கிறது. அழகுக்கு நட்ட மரம் நிலத்தைப் பற்றி அதிகம் சொல்வதில்லை.

ஊசியிலை மரங்களில் இதற்கு நேர்மாறான சிக்கல். கொடைக்கானல் சங்கரன்கோவிலுக்கு ஒரு பாகை மட்டுமே வடக்கே உள்ளது. ஆனால் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால் பைன் காடு, உருளைக்கிழங்கு, கேரட், பேரிக்காய் என மிதவெப்ப நாட்டுத் தோற்றமே தருகிறது. அங்குள்ள பைன்கள் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்டவை. ஒரே வயதுள்ள நேர்வரிசைத் தண்டுகளே அதைச் சொல்லும். அங்குச் சோலையோரம் மரப்பெரணி ஒன்று தெரிந்தால் அது கூடுதல் துப்பு: பனி பொழியும் பைன் நாடுகளில் அது வளராது. அருகே தேயிலைச் சரிவும் சில்வர் ஓக் மரமும் இருந்தால் வெப்பமண்டல மலை என்றே கொள்ளலாம்.