பரிந்துரை கேட்கும் கடிதம்: ஓர் உரை

கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனம். அங்கே தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் 2019 முதல் 2022 வரை வேலை பார்த்த பெண் ஒருவர், அமெரிக்காவில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய மேலாளரிடம் எல்.ஓ.ஆர். எனப்படும் பரிந்துரைக் கடிதம் கேட்டு நவம்பர் முதல் வாரத்தில் அவர் எழுதும் மின்னஞ்சலைப் பகுதி பகுதியாகப் பார்ப்போம்.

"வணக்கம் சார். 2022 வரை உங்களிடம் க்யூ.சி.யில் வேலை பார்த்தேன். கேசிங் கசிவுப் பிரச்சினைக்காக உங்களோடு ஃபவுண்டரிக்கு வந்து போனது நினைவிருக்கும்."

ஒரு மேலாளரிடம் எத்தனையோ பேர் வேலை பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். பெயரை மட்டும் பார்த்து முகம் நினைவுக்கு வராமல் போகலாம். இருவரும் சேர்ந்து நின்ற ஒரு வேலையைச் சொன்னால் ஆளும் நினைவுக்கு வருவார், அந்த நாட்களும் வரும். நலம் விசாரிப்பு இங்கே ஒரு வரிகூட இல்லை. அது மரியாதைக் குறைவு ஆகாது. நெடுநாள் பேசாதவர் திடீரென்று வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று நீட்டி விசாரித்தால், எதற்கோ அடிபோடுகிறார் என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும்.

"இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் எம்.எஸ். படிக்க மூன்று பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கிறேன். எனக்காக ஒரு பரிந்துரைக் கடிதம் எழுதித் தர முடியுமா சார்? என் வேலையைப் பற்றி நல்லபடியாகச் சொல்ல முடியும் என்று உங்களுக்குத் தோன்றினால் போதும். இப்போது தோதுப்படாது என்றாலும் தயங்காமல் சொல்லுங்கள், வேறு ஒருவரைக் கேட்டுக்கொள்கிறேன்."

மறுப்பதற்கு வழி விட்டிருக்கிறார். இது பணிவுக்காக மட்டும் சேர்த்த வரியல்ல. மனமில்லாமல் எழுதப்படும் கடிதம் "இவர் எங்களிடம் பணியாற்றினார், நேரம் தவறாதவர், நன்னடத்தை உடையவர்" என்ற அளவில் நின்றுவிடும். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் மூன்று கடிதங்கள் கேட்கின்றன. அதில் ஒன்று இப்படி வெறுமையாக இருந்தால், கூட இருந்து பார்த்தவருக்கே சொல்ல ஒன்றுமில்லையா என்ற கேள்வி எழும். நம் ஊரில் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லக் கூசுபவர்கள் அதிகம். அவர்களுக்கு அந்தச் சொல்லை நாமே எடுத்துக்கொடுப்பது நல்லது. சில நிறுவனங்களில் மேலாளர்கள் பரிந்துரை எழுதவே அனுமதி இருக்காது, பணிக்காலத்தை உறுதிசெய்வதோடு எச்.ஆர். நிறுத்திக்கொள்ளும். அதைச் சொல்லவும் அவருக்கு இங்கே இடம் இருக்கிறது.

"கல்லூரிப் பேராசிரியர்கள் இருவரைக் கேட்டிருக்கிறேன். ஃபேக்டரியில் நான் வேலை செய்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் நீங்கள்தான்."

தன்னிடம் ஏன் கேட்கிறார், மற்ற இரண்டு கடிதங்கள் யாருடையவை என்று மேலாளருக்குத் தெரிந்துவிடுகிறது. மதிப்பெண்ணைப் பற்றிப் பேராசிரியர்கள் சொல்வார்கள், அவர் கவலைப்பட வேண்டாம்.

"உங்களுக்கு உதவியாக இருக்கும் என்று சில விஷயங்களை நினைவுபடுத்துகிறேன். ஹைட்ரோ டெஸ்ட்டில் நூற்றுக்கு ஏழு கேசிங் கசிந்தபோது, கசிந்தவற்றை ஒரு மாதம் தனியே எடுத்து வைத்து, கசியும் இடத்தைக் குறித்தேன். பெரும்பாலும் டெலிவரி ஃபிளேஞ்சுக்குக் கீழே ஒரே இடம். தடிமன் அளந்ததில் அந்தப் பக்கச் சுவர் மெலிந்திருந்தது. வார்க்கும்போது கோர் நகர்கிறது என்று ஃபவுண்டரியில் காட்டினோம். அவர்கள் சரிசெய்த பிறகு கசிவு நூற்றுக்கு இரண்டாகக் குறைந்தது."

இந்த மின்னஞ்சலின் உயிர் இந்தப் பத்தியில்தான் இருக்கிறது. "நான் பிரச்சினைகளை ஆராய்ந்து தீர்ப்பவள் என்று எழுதுங்கள்" என்று அவர் கேட்கவில்லை. நடந்ததைச் சொல்கிறார். ஆராயும் திறன் என்ற முடிவுக்கு மேலாளர் தானாக வருவார், அதைத் தன் வார்த்தையில் எழுதுவார். புகழ்ச்சொற்களை நாம் எடுத்துக்கொடுத்தால் அவை அப்படியே கடிதத்தில் ஏறும். விண்ணப்பதாரர் தன்னைப் பற்றி எழுதும் கட்டுரையிலும் அதே சொற்கள் இருந்தால், இரண்டும் ஒரே கை என்று தேர்வுக் குழு சந்தேகப்படும்.

"குறித்தேன்" என்று ஒருமையில் தொடங்கியவர், ஃபவுண்டரி வந்ததும் "காட்டினோம்" என்று பன்மைக்கு மாறுவதைக் கவனிக்க வேண்டும். ஃபவுண்டரிக்காரர்களைப் பேசி இணங்கவைத்ததில் மேலாளருக்குப் பங்கு உண்டு. அவர் செய்ததையும் தன் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தால் படிக்கும்போதே அவருக்குக் கசந்திருக்கும். கசிவைக் குறைத்ததும் தான் என்று சொல்லவில்லை, அவர்கள் சரிசெய்த பிறகு குறைந்தது என்கிறார். ஏழு, இரண்டு என்ற எண்களும் மேலாளர் அன்றைக்கு ரிப்போர்ட்டில் பார்த்தவை. அவர் பார்க்காத எண்ணை நம்பிக் கையெழுத்துப் போடச் சொல்வது நியாயமல்ல.

"ஆரம்பத்தில் மீட்டிங்கில் பேசத் தயங்குவேன். பிறகு வாராந்தர ரிவியூவை என்னையே நடத்தச் சொன்னீர்கள். இதையும் எழுதலாம் சார்."

குறையை ஏன் தானே எடுத்துக்கொடுக்கிறார் என்று தோன்றலாம். இந்த விண்ணப்பதாரர் எதில் இன்னும் வளர வேண்டும் என்று சில பல்கலைக்கழகப் படிவங்கள் பரிந்துரைப்பவரிடம் கேட்கின்றன. யோசிக்காமல் இருந்தால் அந்தக் கட்டத்தில் "ஒன்றுமில்லை" என்று எழுதத் தோன்றும், அது மொத்தக் கடிதத்தின் மேலுள்ள நம்பிக்கையையும் குறைக்கும். உண்மையான ஒரு குறையையும் அது எப்படிச் சரியானது என்பதையும் சொன்னால் அவருக்கு எழுதுவது எளிது. எழுதியே ஆக வேண்டும் என்று வற்புறுத்தவும் இல்லை.

"கடைசித் தேதி டிசம்பர் 15. சம்மதம் என்றால் உங்கள் அலுவலக மின்னஞ்சல் முகவரியை அனுப்புங்கள். பல்கலைக்கழகங்களிலிருந்து தனித்தனியாக லிங்க் வரும், ஸ்பேமிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கடிதத்தைப் பார்க்கும் உரிமை வேண்டாம் என்று விண்ணப்பத்தில் குறித்துவிட்டேன்."

சொந்த ஜிமெயில் முகவரியை ஏற்காத பல்கலைக்கழகங்கள் உண்டு, ஆளை உறுதிசெய்ய அலுவலக முகவரி கேட்பார்கள். மேலாளர் இதற்குள் வேறு நிறுவனத்துக்கு மாறியிருந்தால் இப்போதைய அலுவலக முகவரியைக் கொடுக்கலாம், அன்றைக்கு என்ன பொறுப்பில் இருந்தார் என்பதைக் கடிதத்தில் சொன்னால் போதும்.

கடைசி வாக்கியத்துக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. அமெரிக்காவின் 1974ஆம் ஆண்டுக் கல்விப் பதிவுச் சட்டப்படி, சேர்ந்த பிறகு மாணவர் தன் கோப்பைப் பார்க்கலாம், பரிந்துரைக் கடிதமும் அதில் அடங்கும். அந்த உரிமையை விண்ணப்பிக்கும்போதே விட்டுக்கொடுக்கலாம். விட்டுக்கொடுத்தால், எழுதியவர் மனதில் பட்டதை எழுதினார் என்று குழு நம்பும். மேலாளரும் தயக்கமில்லாமல் எழுதலாம்.

"உங்கள் நேரத்துக்கு மிக்க நன்றி சார். என் ரெசுமேயை இணைத்திருக்கிறேன்."

முடிவு சுருக்கமாக இருப்பதே அழகு.

இதற்கு நம் ஊரில் அடிக்கடி வரும் பதில், "நீயே எழுதி அனுப்பும்மா, நான் கையெழுத்துப் போடுகிறேன்" என்பது. அன்பில்தான் சொல்கிறார். ஆனால் பார்க்கும் உரிமையே வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு, கடிதத்தைத் தானே எழுதுவது பொய். குழுவுக்குத் தெரிந்தால் விண்ணப்பமே நிராகரிக்கப்படலாம். அதனால் அந்தப் பெண் இப்படிப் பதில் எழுதலாம்: "நான் எழுதக் கூடாது என்பது விதி சார். ஒரு பத்து நிமிஷம் போனில் பேசினால் அந்த கேசிங் விஷயத்தை நினைவுபடுத்திவிடுவேன். நீங்கள் சொல்வதுபோலவே எளிமையாக ஒரு பக்கம் எழுதினால் போதும். எந்த நாள் கூப்பிடட்டும்?"