ஐந்தாம் படிச் சமன்பாடு

ஐந்தாம் படிச் சமன்பாட்டுக்குப் பொதுச் சூத்திரம் தேடித் தோற்றவர்களில் சீனிவாச இராமானுஜனும் ஒருவர். கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் படித்த காலத்தில், 1902-இல், முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்கும் வழி அவருக்குத் தெரியவந்தது. அதை வைத்து நாற்படிக்குத் தாமே ஒரு முறையைக் கண்டுபிடித்தார். அடுத்து ஐம்படியில் இறங்கினார், அது கைகூடவில்லை. அத்தகைய சூத்திரம் இருக்கவே முடியாது என்று நார்வேயின் ஆபெல் 1824-லேயே நிறுவியிருந்தது அவருக்குத் தெரியாது. மேதைமை போதாமல் வந்த தோல்வி அல்ல இது. ஆபெலே 1821-இல், மாணவராக இருந்தபோது, சூத்திரம் கிடைத்துவிட்டதாக நம்பிப் பிறகு பிழையை உணர்ந்தவர்தான்.

சூத்திரம் என்பதற்கு இங்கே பொருள் குறுகலானது. சமன்பாட்டின் கெழுக்களை எடுத்து, கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், மூலக்குறி ஆகியவற்றை மட்டும் பயன்படுத்தித் தீர்வை எழுத வேண்டும். இருபடிக்கு அது பள்ளிப் பாடம். முப்படிக்கும் நாற்படிக்குமான விதிகளை இத்தாலியின் கார்டானோ 1545-இல் அச்சிட்டார். இரண்டாம் பாஸ்கரர் தம் பீஜகணிதத்தில் x³ + 12x = 6x² + 35 என்ற முப்படியை இரு பக்கமும் 6x² + 8-ஐக் கழித்து (x − 2)³ = 27 ஆக்கி, x = 5 என்று கண்டார். அழகான உத்திதான். ஆனால் எண்கள் ஒத்துழைத்ததால் பலித்த உத்தி. எல்லா முப்படிக்கும் அது செல்லாது. ஐம்படியிலும் x⁵ = 2 போன்றவை எளிதில் தீர்கின்றன. இல்லை என்று நிறுவப்பட்டது, எந்தக் கெழுக்களைக் கொடுத்தாலும் செல்லும் ஒரே சூத்திரம்.

காரணத்தைத் தீர்வுகளின் இடமாற்றத்தில் தேட வேண்டும் என்று 1770 வாக்கில் கண்டவர் லக்ராஞ்சு. கெழுக்களைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே போய், பழைய மதிப்புக்கே கொண்டுவந்து நிறுத்துவதாக வைத்துக்கொள்வோம். இதைச் சுற்று என்போம். கெழுக்கள் சிக்கலெண் தளத்தில் நகரலாம் என்பதால், சுற்று முடியும்போது சமன்பாடு பழையதே, ஆனால் தீர்வுகள் ஒன்றன் இடத்தில் மற்றொன்று போய் நிற்கக்கூடும். கெழுக்களை மட்டும் கொண்ட ஒரு கோவைக்கு மூலக்குறி போட்டால் என்ன ஆகும்? ஒரு சுற்றில் அதன் மதிப்பு ஏதோ ஒரு கோணத்துக்குத் திரும்பிவிடலாம். ஆனால் முதல் சுற்றைப் பின்னோக்கி, இரண்டாவதைப் பின்னோக்கி, பிறகு முதலாவதை முன்னோக்கி, இரண்டாவதை முன்னோக்கி என்று நடத்தினால், கோணங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மூலத்தின் மதிப்பு புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும். இந்த நான்கு அடிக் கூட்டைப் பின்னல் என்று வைத்துக்கொள்ளலாம். மூலக்குறிக்குள் மூலக்குறி இருந்தால், பின்னல்களையே எடுத்து மறுபடி பின்ன வேண்டும். எத்தனை அடுக்கு மூலக்குறியோ அத்தனை முறை பின்னினால், சூத்திரத்தின் மதிப்பு அசையாமல் நிற்கும்.

இப்போது தீர்வுகளைப் பார்ப்போம். க, ச, த, ந, ப என்று ஐந்து இடங்கள். தீர்வுகளை எப்படி இடம் மாற்ற நினைத்தாலும் அதைத் தரும் ஒரு சுற்று உண்டு. முதல் நகர்த்தல்: க-வில் இருப்பது ச-வுக்கு, ச-வில் இருப்பது த-வுக்கு, த-வில் இருப்பது க-வுக்கு. இரண்டாவது: த-வில் இருப்பது ந-வுக்கு, ந-வில் இருப்பது ப-வுக்கு, ப-வில் இருப்பது த-வுக்கு. இரண்டுக்கும் பொதுவான இடம் த மட்டுமே. இவற்றைப் பின்னிப் பார்த்தால், க-வில் இருந்தது த-வுக்கும், த-வில் இருந்தது ந-வுக்கும், ந-வில் இருந்தது க-வுக்கும் போகிறது. ச-வும் ப-வும் அசையவில்லை. அதாவது, மூன்று இடச் சுழற்சிகள் இரண்டைப் பின்னினால் மறுபடி ஒரு மூன்று இடச் சுழற்சியே கிடைக்கிறது. இந்த வகைச் சுழற்சி எதையும் இப்படியே பெறலாம் என்பதால், எத்தனை முறை பின்னினாலும் நகர்த்தல் தீராது. சூத்திரமோ ஓர் அடுக்கெண்ணிக்கையோடு நின்றுவிடும். அத்தனை முறை பின்னியபின் சூத்திரத்தின் மதிப்பு அசையாது நிற்க, தீர்வுகள் மட்டும் இடம் மாறியிருக்கும். தீர்வைத் தருவதாகச் சொன்ன சூத்திரம் தீர்வோடு நகரவில்லை. ஆகவே அது தீர்வின் சூத்திரமே அல்ல.

அப்படியானால் நாற்படி மட்டும் எப்படித் தப்பியது என்று கேட்பது நியாயமே. ஓரிடத்தை மட்டும் பகிரும் இரண்டு சுழற்சிகளுக்கு 3 + 3 − 1 = 5 இடங்கள் வேண்டும். நான்கே இடங்கள் இருந்தால் இரண்டு சுழற்சிகளும் குறைந்தது இரண்டு இடங்களைப் பகிர்ந்தாக வேண்டும். அவற்றைப் பின்னினால் இரண்டிரண்டாக ஜோடி மாறும் நகர்த்தல்களே மிஞ்சும். அவற்றையும் பின்னினால் ஒன்றும் நகராது. ஐந்து இடங்கள் கிடைத்தபின் ஆறு, ஏழு என்று கூடினாலும் அந்த ஐந்தும் உள்ளே இருக்கும்; எனவே மேல்படிகளுக்கும் இதே முடிவு.

இன்னொரு ஐயமும் எழும்: பொதுச் சூத்திரம் இல்லாவிட்டாலும், ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் தனித்தனிச் சூத்திரம் இருக்கலாமே? மேலே சொன்ன வாதம் அதைத் தடுக்காது. அதற்கு கால்வா தேவைப்பட்டார். 1832-இல் இருபது வயதில் இறந்த அவருடைய கட்டுரையை லியூவில் 1846-இல்தான் வெளியிட்டார். எந்தச் சமன்பாடு மூலக்குறிக்கு அடங்கும், எது அடங்காது என்று ஒவ்வொன்றாகத் தீர்மானிக்கும் வழி அதில் இருக்கிறது. x⁵ − 4x + 2 = 0 அடங்காத வகை. தீர்வே இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை. மூலக்குறியை விட்டு வேறு சார்புகளை அனுமதித்தால் ஐம்படியும் பொதுவாகவே தீரும். பிரான்சின் எர்மீத் 1858-இல் நீள்வட்டச் சார்புகளைக் கொண்டு அதைச் செய்தார். எண்ணாக வேண்டுமென்றால் இன்னும் எளிது: அந்தச் சமன்பாட்டின் இடப்பக்கம் x = 0.5-இல் நேர்மம், 0.51-இல் எதிர்மம். நடுவே ஒரு தீர்வு இருந்தாக வேண்டும். அது ஏறத்தாழ 0.5085. இடைவெளியைப் பாதி பாதியாகக் குறுக்கிக்கொண்டே போனால் வேண்டிய அளவு தசமத் தானங்களை யாரும் பெறலாம்.