ஓடிப்பிடி ஆட்டத்தில் நிற்றல்: லூரியாவின் சோதனையை முன்வைத்து ஒரு மறுபரிசீலனை

மூன்று வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட குழந்தைகளுக்கு ஓடிப்பிடித்து விளையாடும் ஆட்டங்களைக் கற்பிப்பது பற்றி எழுதியவர்களுள் ஒரு சாரார், ஆசிரியை 'நில்' என்று கூவிய பின்னும் ஓடுகிற குழந்தையைக் கீழ்ப்படியாத குழந்தையாகக் கொண்டு, சமிக்ஞையை இன்னும் உரக்க ஒலிக்கச் செய்வதே பரிகாரம் என்று விதித்திருக்கிறார்கள். மற்றொரு சாராரோ, ருஷ்ய உளநூலார் லூரியாவின் சோதனைகளை ஆதாரமாகக் காட்டி, ஐந்து வயது நிரம்பும்வரை சொல் கேட்டு உடலைத் தடுத்து நிறுத்தும் சக்தி குழந்தைக்கு வாய்ப்பதில்லை, ஆகவே துரத்தும் ஆட்டங்களை அதுவரை ஒத்திவைப்பதே உசிதம் என்கிறார்கள். முதல் அபிப்பிராயத்தை மறுக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. இரண்டாவது, மெய்யான ஒரு சோதனையைப் பாதி மட்டும் படித்ததன் விளைவு என்பது என் கருத்து.

1958இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் லூரியா ஆற்றிய சொற்பொழிவுகள் 1961இல் நூலாக வெளிவந்தன. அவற்றில் வரும் சோதனை எளியது. குழந்தையின் கையில் ஒரு ரப்பர்க் குமிழ். எதிரே ஒரு விளக்கு. விளக்கு எரிந்ததும் அழுத்த வேண்டும் என்பது கட்டளை. மிக இளைய குழந்தை ஒருமுறை அழுத்தியதோடு விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கிறது. 'அழுத்தாதே' என்று சொன்னால் கை ஓய்வதற்குப் பதிலாகச் சில சமயம் மேலும் வலுவாக அழுத்துகிறது. சற்று வளர்ந்த குழந்தைகூட 'அழுத்தக்கூடாது' என்று தன் வாயால் சொல்லும் அதே கணத்தில் அழுத்திவிடுகிறது. சொல்லின் பொருள் கையைக் கட்டுப்படுத்துவதற்கு முன்பே, சொல்லின் ஒலியும் எழுச்சியும் கையை உந்திவிடுகின்றன என்று லூரியா இதற்கு வியாக்கியானம் செய்தார். ஒத்திவைக்கச் சொல்வோர் மேற்கோள் காட்டுவது இவ்வளவுதான்.

ஆனால் அதே சோதனை வரிசையில் மற்றொரு நிகழ்ச்சியும் பதிவாகியிருக்கிறது. அழுத்தியவுடன் விளக்கு அணைந்துவிடும்படி கருவியை மாற்றி, விளக்கை அணைக்குமாறு குழந்தையிடம் சொன்னபோது, சொல்லால் ஓயாத அந்தக் கை ஓய்ந்தது. குழந்தையின் வயது மாறவில்லை. அதன் செயலுக்குக் கண்ணால் காணக்கூடிய ஒரு முடிவு கிடைத்தது, அவ்வளவே. ஆகவே இச்சோதனையிலிருந்து பெற வேண்டிய பாடம், இளங்குழந்தையால் நிற்க முடியாது என்பதன்று. செய்துகொண்டிருப்பதை விட்டுவிடு என்னும் வெறும் விலக்கினால் அதனால் நிற்க முடியாது, முடிவு தெரியும் ஒரு காரியத்தைக் கொடுத்தால் நிற்க முடியும் என்பதே.

லூரியாவின் முடிவுகளை மேலைநாடுகளில் மீண்டும் சோதித்தவர்கள் பலருக்கு அவர் குறித்த வயதுப்படிகள் கிட்டவில்லை என்பதை நான் மறக்கவில்லை. அவருடைய குழந்தைகள் உட்கார்ந்திருந்தவர்கள். நம்முடையவர்கள் ஓடுகிறவர்கள் என்பதும் உண்மை. ஆனால் வயதுப்படிகளை விட்டுவிட்டுச் செயலின் அமைப்பை மட்டும் எடுத்துக்கொள்வோருக்கு முதல் ஆட்சேபம் தடையாகாது. இரண்டாவது என் வாதத்துக்கு அனுகூலமானது, ஏனெனில் விரல்களை ஓயவைக்கவே ஒரு முடிவு தேவைப்படுமானால், ஓடும் உடலை ஓயவைக்க அது இன்னும் அதிகமாகத் தேவைப்படும்.

இதனை முற்றத்துக்குக் கொண்டுவந்தால், நிறுத்தும் கட்டளை 'ஓடாதே' என்றிராமல் 'முட்டியைப் பிடி' என்றிருக்க வேண்டும். காலை அகட்டி, முழங்காலை மடக்கி, இரண்டு கைகளாலும் முட்டியைப் பற்றும் அந்த நிலை உடலின் பாரத்தைத் தாழ்த்தி வேகத்தையும் தானே விழுங்குகிறது. நின்றுவிட்டோம் என்பதை அந்தக் குழந்தையும் ஆசிரியையும் ஒருங்கே காண்கிறார்கள். ஓட்டத்தைத் தொடக்கிவைத்த அதே கூச்சலையோ விசிலையோ நிறுத்தவும் பயன்படுத்துவது உந்துதலின்மேல் உந்துதலாக முடியும். ஓடும் நேரமெல்லாம் ஒரு சிறு மேளத்தைத் தட்டிக்கொண்டிருந்து, தட்டை நிறுத்தி, உடனே சாதாரணக் குரலில் கட்டளையைச் சொல்வது மேல். கொடி காட்டுவது போதாது. துரத்தப்படும் குழந்தை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடும் ஆகையால், எதிரே நிற்கும் ஆசிரியை அதன் கண்ணில் படுவதில்லை. இவற்றை முதலில் நடையிலும், பிறகு விரைந்த நடையிலும் பழக்க வேண்டும். கை முட்டிக்கு வந்த பின்னும் கால் நாலைந்து அடி சறுக்கிச் செல்லுமானால், அந்தக் குழந்தை சமிக்ஞையைக் கற்றிருக்கிறது, நிற்பதை இன்னும் கற்கவில்லை.

நிற்றல் ஒரு காரியம் என்று ஒப்புக்கொண்டால், அதற்குக் காலமும் இடமும் வேண்டும் என்பதையும் ஒப்புக்கொண்டாக வேண்டும். 'கையை நீட்டினால் அடுத்தவர்மேல் படக்கூடாது' என்னும் பிரசித்தமான இடைவெளி விதி நிற்கும் குழந்தைகளுக்கு உரியது. ஓடுகிறவர்களுக்கு அதனால் ஒரு பாதுகாப்பும் இல்லை. நான்கு வயதுக் குழந்தை விநாடிக்கு 2.5 மீட்டர் ஓடுவதாகவும், மேளம் நின்றதை அதன் உடல் உணர்வதற்கு 0.6 விநாடி ஆவதாகவும் வைத்துக்கொள்வோம்; அதற்குள் 1.5 மீட்டர் கழிந்துவிடும். பிறகு சீராக வேகம் குறைந்து நிற்க 1.2 விநாடி பிடித்தால் இன்னொரு 1.5 மீட்டர். ஆக 3 மீட்டர். இருவர் எதிரெதிராக ஓடிவந்தால் நடுவில் 6 மீட்டர் இருந்தாலொழிய சமிக்ஞை அவர்களைக் காப்பாற்றாது.

12 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் உள்ள ஒரு பள்ளி முற்றத்தில் இந்தக் கணக்கு எப்படி அமைகிறது என்று பார்க்கலாம். நீளவாக்கில் இரு முனைகளிலும் சுவருக்கு முன் 3 மீட்டரைக் காலியாக விட்டால் ஓடுவதற்கு எஞ்சுவது 6 மீட்டர். அகலத்தில் இரு புறமும் 1 மீட்டர் விட்டு, மிஞ்சிய 6 மீட்டரில் 1.5 மீட்டருக்கு ஒருவராக நான்கு குழந்தைகளை ஒரே திசையில் நிறுத்தலாம். துரத்துகிறவர், தோளில் ஒரு வண்ணத் துணியோடு, அவர்களுக்கு 2 மீட்டர் பின்னால். தொடுவது முதுகில், விரல் நுனியால். உள்ளங்கையால் தொடுவது அந்த வேகத்தில் தள்ளுவதேயாகும். நால்வரும் முட்டியைப் பிடித்து நின்ற பின்பே அடுத்த நால்வர் ஓட வேண்டும். இதில் விறுவிறுப்புக் குறைகிறது என்பார்கள். காத்திருக்கும் குழந்தைகளின் முகத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

நம் 'கல்லா மண்ணா' ஆட்டத்தை இங்கே கவனிக்க வேண்டும். துரத்துகிறவர் கல்லைக் கேட்டால் மற்றவர்களுக்கு மண் அபயம், மண்ணைக் கேட்டால் கல் அபயம். நிற்பதற்கு ஒரு சொல்லைக் கொடாமல் ஓர் இடத்தைக் கொடுத்திருப்பதால், லூரியாவின் விளக்கு அணைவது போன்ற கண்கூடான முடிவு இதில் இயல்பாகவே அமைந்துவிட்டது. ஆயினும் பெரிய பிள்ளைகள் ஆடும் உருவத்தில் இதனை அப்படியே எடுத்தாள முடியாது. கல் என்பது பெரும்பாலும் திண்ணையாகவோ படியாகவோ இருக்கிறது. அதன்மேல் ஏறிக் குதிப்பது ஒரு தொல்லை, அது சுவரை ஒட்டியிருப்பதால் முழு வேகத்தில் சுவரை நோக்கி ஓட நேர்வது அதைவிடப் பெரிய தொல்லை. தரையிலேயே, சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி, ஒன்றுக்கொன்று 1.5 மீட்டர் இடைவிட்டுச் சுண்ணாம்பு வட்டங்கள் போட்டு அவற்றையே கல்லாகக் கொள்ளலாம். வட்டங்கள் ஓடும் குழந்தைகளின் எண்ணிக்கையைவிட ஒன்றாவது அதிகமாக இருக்க வேண்டும். குறைந்தால், நிற்கும் இடமே இருவர் மோதும் இடமாகிவிடும்.

திசைக் கட்டுப்பாடில்லாமல் எங்கும் ஓடிப் பிடிக்கும் ஆட்டத்துக்கு மேற்சொன்ன முற்றம் போதாது என்றே சொல்ல வேண்டும். எதிரெதிர் ஓட்டத்துக்கு வேண்டிய 6 மீட்டர்தான் அங்கே ஓடுவதற்குள்ள நீளம் முழுவதும். அத்தகைய இடத்தில் அந்த ஆட்டத்தை நடந்தே ஆடச் செய்யலாம். விநாடிக்கு 1 மீட்டர் நடக்கும் குழந்தை, மேளம் நின்றபின் 1 மீட்டருக்குள் நின்றுவிடுகிறது; எதிரெதிரே வரும் இருவருக்கு 2 மீட்டர் போதுமானது; ஓடத் தொடங்கும் குழந்தை யார் என்பதும் நடப்பவர்களுக்கிடையே உடனே தெரிந்துவிடும்.