பின்னலான மடக்குகளின் நேரச் சிக்கல்தன்மை

பின்னலான மடக்கு என்பது ஒரு லூப்பின் உள்ளே இன்னொரு லூப் அமைந்த நிரல் பகுதி. உள்ளீட்டின் அளவு n கூடும்போது, உள்ளிருக்கும் கட்டளை நிறைவேறும் எண்ணிக்கை எந்த வேகத்தில் வளர்கிறது என்பதே அதன் நேரச் சிக்கல்தன்மை. கேட் போன்ற தேர்வுகளின் கணினி அறிவியல் தாளில் இத்தகைய கணக்குகள் இடம்பெறுகின்றன.

பெருக்கும் இடம், கூட்டும் இடம்

உள் லூப் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே அளவு ஓடினால், இரு லூப்புகளின் எண்ணிக்கையையும் பெருக்கினால் போதும். உள் லூப்பின் எல்லை வெளி லூப்பின் மாறியைச் சார்ந்திருந்தால், ஒவ்வொரு சுற்றையும் தனித்தனியே எண்ணிக் கூட்ட வேண்டும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால்தான் பெரும்பாலும் விடை தவறுகிறது.

எடுத்துக்காட்டு

```c
for (i = 1; i <= n; i = i * 2)
    for (j = 1; j <= i; j++)
        count++;
```

வெளி லூப்பில் i இரட்டித்துக்கொண்டே போவதால் அது ஏறத்தாழ log₂ n சுற்றுகளே ஓடுகிறது. உள் லூப் அதிகபட்சம் n முறை ஓடும். இரண்டையும் பெருக்கி Θ(n log n) என்று விடை எழுதுவது வழக்கமான தவறு. உள் லூப் n-ஐ எட்டுவது, அதுவும் n இரண்டின் அடுக்காக இருந்தால் மட்டுமே, கடைசிச் சுற்றில்தான். அதற்கு முந்தைய சுற்றில் அதில் பாதி, அதற்கும் முன்பு கால் பங்கு என ஓட்டம் குறைந்துகொண்டே போகிறது.

n = 16 என்று கொண்டால் count++ நிறைவேறும் எண்ணிக்கை 1 + 2 + 4 + 8 + 16 = 31. இது ஒரு பெருக்குத் தொடர். அதன் கடைசி உறுப்பு மட்டுமே, முந்தைய எல்லா உறுப்புகளின் கூட்டுத்தொகையைவிட ஒன்று அதிகம். எனவே n எதுவாயினும் மொத்தம் n-க்குக் குறையாது, 2n − 1-ஐத் தாண்டாது. சரியான விடை Θ(n).

உள் லூப்பின் நிபந்தனையை j <= n என்று மாற்றினால் நிலைமை மாறிவிடும். அப்போது n = 16-க்கு ஐந்து சுற்றுகளிலும் பதினாறு முறை வீதம் 80 வரும். அங்கே பெருக்கல் பொருந்தும். விடையும் Θ(n log n) ஆகும்.

குறியீட்டில் கவனம்

O என்பது மேல் எல்லையை மட்டும் சொல்லும் குறியீடு. ஆகவே முதல் நிரலை O(n log n) என்பது பொய்யாகாது. ஆனால் அது இறுக்கமான எல்லை அன்று. வினா Θ-வைக் கேட்டால், மேலிருந்தும் கீழிருந்தும் பொருந்தும் Θ(n) மட்டுமே விடை.

சரிபார்க்கும் முறை

n-ஐ இரட்டித்துப் பார்க்கலாம். முதல் நிரலில் n = 1024 எனில் 2047, n = 2048 எனில் 4095 வரும். எண்ணிக்கையும் ஏறத்தாழ இரட்டிப்பதால் வளர்ச்சி நேர்கோட்டு வகை என ஊகிக்கலாம். n², n ஆகியவற்றை இந்தச் சோதனை தெளிவாகப் பிரித்துக் காட்டும். n, n log n இரண்டும் நெருங்கி நிற்பவை என்பதால் அவற்றைப் பிரிக்கத் தொடரைக் கூட்டிப் பார்ப்பதே உறுதியான வழி.