பக்க முறிவு இடமாற்றம்

இணையத் தொகுப்பியில் எழுதிய ஆவணம் பிடிஎஃப் ஆகும்போதோ அச்சாகும்போதோ வரிகளும் ஓரங்களும் இடம்பெயர்தல். பெரும்பாலும் தாள் அளவே காரணம். அமெரிக்க ‘லெட்டர்’ 216 × 279 மி.மீ.; நம் ஊர்க் கடைகளில் கிடைப்பது ஏ4, 210 × 297 மி.மீ. லெட்டரில் அமைந்த கூகுள் டாக்ஸ் ஆவணத்தை ஏ4 தாளுக்குள் பொருத்தி அச்சிட்டால் எழுத்து ஏறக்குறைய 3 விழுக்காடு சுருங்கும், மேல்கீழ் ஓரம் கூடும். எழுதி முடித்தபின் ஏ4-க்கு மாற்றினாலோ பக்கத்துக்கு 18 மி.மீ. உயரம் கூடி, அடுத்த பக்கத்தின் இரண்டு மூன்று வரிகள் மேலேறும். வெற்று Enter-களால் கீழே தள்ளிய தலைப்புகள் அப்போது குலையும்.

ஆகவே எழுதத் தொடங்குமுன்பே File > Page setup சென்று A4 தேர்ந்தெடுக்க வேண்டும். புதுப்பக்கத்துக்கு Ctrl+Enter அழுத்த வேண்டும். அக்ரோபேட் ரீடரில் Ctrl+D அழுத்தினால் பிடிஎஃப்பின் தாள் அளவு தெரியும்.